ரிசப்ஷனுக்கு ஆர்கன்சாவா, சாட்டினா, பட்டா? கட்டிவிடுகிற ஒருத்தியின் பதில்

கேள்வி: "ஆவணியில் மாயவரத்தில் தங்கைக்குக் கல்யாணம். முகூர்த்தப் பட்டு எடுத்தாச்சு. மாலை ரிசப்ஷனுக்கு அவளுக்கு ஆர்கன்சா எடுக்கலாமா, சாட்டின் எடுக்கலாமா, இன்னொரு பட்டே எடுக்கலாமா? அவள் உயரம், ஒல்லி. நான் ஐந்தடி, கொஞ்சம் பூசின உடம்பு. எனக்குக் காட்டன் போதுமா? அவளுக்கு எட்டாயிரம், எனக்கு மூவாயிரம் வரை செலவழிக்கலாம். பளபளப்பு, கனம், கட்டினால் விழுகிற விதம் எல்லாம் பார்த்துச் சொல்லுங்கள்."

கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தேன். இப்போது கல்யாணங்களுக்குப் புடவை கட்டிவிடுகிறேன். அதனால் இந்த நாலு துணியையும் விற்கிற பக்கத்திலிருந்தும் தெரியும், கட்டிவிட்ட பிறகு மூன்று மணி நேரம் கழித்து அவை என்ன ஆகின்றன என்பதும் தெரியும்.

முதலில் ஒரு விஷயம். பட்டும் பருத்தியும் நூல். சாட்டினும் ஆர்கன்சாவும் நெய்கிற விதம். அதனால் கடையில் "சாட்டின் காட்டுங்க" என்று கேட்டால் பாதிக் கேள்விதான் கேட்டிருக்கிறீர்கள். "என்ன நூல்?" என்பது மீதிப் பாதி. பட்டு நூலில் நெய்த சாட்டின் உண்டு, பாலியெஸ்டரில் நெய்த சாட்டின் உண்டு. ஆர்கன்சாவும் அப்படித்தான். ஆயிரம், இரண்டாயிரத்துக்குத் தொங்கவிட்டிருக்கிற சாட்டினும் ஆர்கன்சாவும் பெரும்பாலும் பாலியெஸ்டர்தான். அதில் தப்பில்லை, ஆனால் தெரிந்து வாங்க வேண்டும். தொட்டுப் பார்த்தே இது பட்டுதான் என்று அடித்துச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். இப்போது வருகிற பாலியெஸ்டர் கையையும் ஏமாற்றும். ஓரத்தில் தொங்குகிற ஒரு நூலைப் பிய்த்துக் கொளுத்தினால் தெரிந்துவிடும். பட்டு முடி கருகுகிற நாற்றம் அடித்து, விரலால் நசுக்கினால் பொடியாகிற சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான கறுப்பு மணியாகத் திரளும். ஒரு எச்சரிக்கை: பாவு பட்டாகவும் ஊடை வேறாகவும் இருக்கலாம். நீளவாக்கில் ஒன்று, குறுக்கில் ஒன்று என்று இரண்டு நூலையும் பார்க்க வேண்டும். கடைக்காரர் நூல் பிய்க்க விடவில்லை என்றால் சில்க் மார்க் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். புடவை எடுக்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் பளபளப்பைப் பார்ப்பார்கள், அடுத்து கையில் தூக்கிக் கனம் பார்ப்பார்கள். கட்டினால் எப்படி இருக்கும் என்பதை இந்த இரண்டும் சொல்லாது. அதைச் சொல்வது, துணிக்கு எவ்வளவு கனம், அந்தக் கனத்துக்கு எவ்வளவு விறைப்பு என்கிற கணக்கு. கனமும் விறைப்பும் ஒன்று என்று பலரும் நினைக்கிறார்கள். ஆர்கன்சா முழுப்புடவையே முந்நூறு கிராம் பக்கம்தான் இருக்கும், ஆனால் நாலு துணியிலும் அதற்குத்தான் விறைப்பு அதிகம். கீழே இழுக்கக் கனம் இல்லை, மடங்கிக் கொடுக்க மென்மையும் இல்லை. அதனால் அது விழாது, நிற்கும். சாட்டின் அதைவிடக் கனம், ஆனால் விறைப்பே கிடையாது. விட்டால் தண்ணீர் மாதிரி வழியும்.

இதைக் கடை மேசையிலேயே பார்த்துவிடலாம். புடவையின் ஒரு முனையை, ஒற்றை அடுக்காக, மேசை விளிம்பைத் தாண்டி ஒரு ஜாண் வெளியே வருகிற மாதிரி தள்ளுங்கள். முந்தானைப் பக்கம் வேண்டாம், அங்கே ஜரிகை துணியை விறைப்பாக்கி இருக்கும். மறுமுனையில் பாருங்கள். சாட்டின் என்றால் விளிம்பிலேயே மடங்கி நேர்கீழாகத் தொங்கும். நல்ல பட்டு மெதுவாக வளைந்து, நுனி தரையைப் பார்க்கும். புதுக் காட்டன் பாதி வரை சரியும். ஆர்கன்சா கிட்டத்தட்ட நேராக நீட்டிக்கொண்டு நிற்கும். முனையில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கொசுவம் வைக்கும்போது மடங்குவது புடவையின் நீளவாக்கு நூல், அதாவது பாவு. முனையைத் தள்ளிப் பார்த்தால் நீங்கள் சோதிப்பது அதே நூலைத்தான். அப்புறம் அப்படியே ஐந்து மடிப்பு பிடித்து, மேலே இறுக்கிக்கொண்டு, கீழே விட்டுப் பாருங்கள். மடிப்புகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றனவா, விசிறி போல விரிகின்றனவா என்று தெரியும். விரிகிற துணி இடுப்பிலும் விரியும்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் குழப்பமே இருக்காது. புழு பட்டு இழையை விடும்போது அதைச் சுற்றி ஒரு பசையும் சேர்ந்தே வரும். புடவைப் பட்டுக்குச் சாயம் போடுவதற்கு முன் நூலை வேகவைத்து அந்தப் பசையை எடுத்துவிடுவார்கள். கிலோவுக்குக் கால் கிலோ பக்கம் எடை குறையும். அப்போதுதான் நமக்குத் தெரிந்த வழுவழுப்பும் மினுமினுப்பும் வரும். ஆர்கன்சாவுக்கு அந்தப் பசையை எடுக்காமல், மெல்லிய இழையை நன்றாக முறுக்கி, இடைவெளி விட்டு நெய்கிறார்கள். காசியில் இருந்து கோரா என்று வருகிற புடவை இதுதான். அதன் மொடமொடப்பு பசையிலும் முறுக்கிலும் இருக்கிறது. பாலியெஸ்டர் ஆர்கன்சாவுக்கு அந்த மொடமொடப்பு இழையின் தன்மையாலும் மேலே கொடுக்கிற மெருகாலும் வருகிறது.

சாட்டினில் நடப்பது வேறு. பாவு நூல் ஒவ்வொரு ஊடையிலும் பின்னாமல் நாலைந்து ஊடைக்கு மேலே மிதந்து போய், அப்புறம் ஒன்றில் அமிழும். மிதக்கிற நூல்கள் நெருக்கமாகப் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பதால் முகப்பு முழுக்க ஒரே வழுக்கலான பரப்பு. வெளிச்சம் கண்ணாடியில் பட்ட மாதிரி திரும்பும். பின்னல் குறைவு என்பதால் துணி தளர்ந்து விழும். அதே காரணத்தால்தான் வளையலோ மெட்டியோ பட்டால் நூல் இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறது. சாட்டினின் அழகும் அதன் பலவீனமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன.

காட்டன் இழை குட்டை. குட்டை இழைகளை முறுக்கிய நூலில் நுண்ணிய முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும், வெளிச்சம் சிதறிவிடும். அதனால் மங்கலாகத் தெரியும். அதன் விறைப்பு பெரும்பாலும் கஞ்சியில் இருக்கிறது, துணியில் இல்லை. இதை மறக்காதீர்கள், பின்னால் வருகிறேன்.

உங்கள் முகூர்த்தப் பட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஜரிகைக் கரை வைத்த திருபுவனம் பட்டோ காஞ்சிபுரம் பட்டோ நன்றாக விழுவதற்குக் கரையும் ஒரு காரணம். பட்டு உடல் மிதமான விறைப்பு, அடியில் ஜரிகைக் கனம். கரை கீழே இழுக்க, கொசுவம் கத்தியால் கீறினது போல நேராக நிற்கும். ஆனால் ஐந்தடி உயரத்தில் இருக்கிறவர்கள் எட்டு அங்குலக் கரை எடுத்தால் உயரத்தில் ஒரு பங்கைக் கரையே தின்றுவிடும். மூன்று, நாலு அங்குலம் போதும். இது உங்களுக்குச் சொல்வது, தங்கைக்கு இல்லை.

பளபளப்பைக் கடை விளக்கில் முடிவு செய்யாதீர்கள். ரிசப்ஷன் மேடையில் நேரே முகத்தில் அடிக்கிற எல்இடி விளக்கும், வீடியோக்காரர் வெளிச்சமும், ஃப்ளாஷும் இருக்கும். பட்டு இழையின் குறுக்குவெட்டு ஏறக்குறைய முக்கோணம். படுகிற வெளிச்சத்தைப் பல கோணத்தில் பிரித்து அனுப்பும். பாவில் ஒரு நிறமும் ஊடையில் ஒரு நிறமும் போட்டிருந்தால், மயில்கழுத்து மாதிரி, ஆள் அசைய அசைய நிறம் மாறும். போட்டோவில் அது ஆழமாகத் தெரியும். பாலியெஸ்டர் சாட்டினில் வெளிச்சம் ஒரே இடத்தில் வெள்ளைத் திட்டாகக் குவியும். அந்தத் திட்டு எங்கே விழும்? உடம்பில் எது முன்னால் வருகிறதோ அங்கே, வயிறு, தொடை, இடுப்பு. உள்பாவாடை நாடாவின் முடிச்சுகூடப் படத்தில் தெரியும். கண்ணாடி முன்னால் தெரியாத முடிச்சு ஆல்பத்தில் தெரிந்து வருத்தப்பட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கடையில் புடவையை மேலே போட்டு, செல்போனில் ஃப்ளாஷ் போட்டு ஒரு படம், போடாமல் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். அந்த இரண்டு படத்துக்கும் நடுவில் வித்தியாசம் எவ்வளவு பெரியதோ, மேடையில் தொந்தரவும் அவ்வளவு பெரியது.

ஆர்கன்சா பளபளக்காது, மினுக்கும். வெளிச்சம் பாதி ஊடுருவிப் போய்விடும். அதனால் உள்ளே என்ன நிறம் இருக்கிறதோ அதுவும் சேர்ந்து தெரியும். உள்பாவாடையும் ரவிக்கையும் புடவையின் நிறத்திலேயே, அல்லது அரை நிறம் குறைவாக இருக்க வேண்டும். இது பின்னால் செலவுக் கணக்கில் வரும்.

அப்புறம் நம்ம ஊர் ஆவணி. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் காலம், பகலில் புழுக்கம், சாயங்காலம் ஒரு மழை வந்தாலும் வரும். ஏசி இல்லாத மண்டபம் என்றால் இதைக் கணக்கில் எடுக்காமல் துணி தேர்ந்தெடுக்கக் கூடாது. பட்டும் பருத்தியும் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் உறிஞ்சுவதே இல்லை என்று சொல்லலாம். வியர்வை உடம்புக்கும் துணிக்கும் நடுவிலேயே நிற்கும். சாட்டின் தொடையில் ஒட்டிக்கொள்ளும், நடக்கும்போது கொசுவம் காலுக்கு நடுவில் சுருளும். கஞ்சி போட்ட காட்டனுக்கு வேறு பிரச்சினை. கஞ்சி ஈரத்தைக் குடித்ததும் தளரும். காலையில் மொடமொடவென்று கட்டிக்கொண்டு போன புடவை மதியத்துக்குள் தொய்ந்து, உட்கார்ந்த இடமெல்லாம் சுருக்கமாகும். ஏசி மண்டபமாக இருந்தால் இதில் பாதிக் கவலை இல்லை. மண்டபத்தை முதலில் விசாரியுங்கள்.

தீயைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். காலையில் ஹோமம் நடக்கும்போது பெண்ணும் பக்கத்தில் நிற்கிறவர்களும் பாலியெஸ்டர் ஆர்கன்சாவோ சாட்டினோ கட்டவே கூடாது. பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிவிடும். பட்டு சட்டென்று பற்றி எரியாது, கருகி அணையப் பார்க்கும். காட்டன் எரியும், ஆனால் உருகி ஒட்டாது. நீங்கள் பெண்ணின் அக்கா, காலையில் தாம்பாளமும் கையுமாக ஹோமத்துக்குப் பக்கத்தில்தான் நிற்பீர்கள். அதனால் உங்கள் காலைப் புடவையில் இந்த ஒரு விதியை மாற்றாதீர்கள்.

இனி உங்கள் பணத்துக்கு வருகிறேன். விலை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும். ஜரிகை இருந்தால் தங்கம், வெள்ளி விலையோடு சேர்ந்து ஏறும். அதனால் இவற்றைச் சுமாரான கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். தங்கைக்கு எட்டாயிரம். பாலியெஸ்டர் ஆர்கன்சா ஆயிரத்தைந்நூறில் இருந்து கிடைக்கும், எம்பிராய்டரி ஏற ஏற விலையும் ஏறும். கோரா பட்டு ஆர்கன்சா ஐயாயிரம், ஆறாயிரத்தில் நல்லதாகப் பார்க்கலாம். அதற்கு மேல் நிறம் சேர்ந்த உள்பாவாடை, ரவிக்கைக்கு முழு லைனிங், ஃபால்ஸ், முன்கூட்டியே மடித்து இஸ்திரி போடுகிற கூலி எல்லாம் சேர்த்து ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் ஒதுக்குங்கள். சாட்டினுக்கும் இந்தச் செலவில் பாதி உண்டு. பட்டுக்குக் குறைவு. மேல்செலவைச் சேர்க்காமல் "ஆர்கன்சா மலிவு" என்று சொல்வது சரியான கணக்கு இல்லை.

தங்கைக்கு என் பதில் கோரா ஆர்கன்சா. ஒல்லியாக, உயரமாக இருக்கிற பெண்ணுக்கு அது விரிந்து நிற்பது நன்மை. உடம்புக்கு இல்லாத கனத்தைத் துணி கொடுக்கும். முகூர்த்தத்தில் கனமான பட்டில் இருந்தவள் மாலையில் முந்நூறு கிராம் துணியில் இரண்டு மணி நேரம் நிற்பது அவளுக்கும் நிம்மதி. பட்டு என்பதால் உடம்போடு ஒட்டாது. எடுக்கும்போது வேலைப்பாடு கரையிலும் முந்தானையிலும் மட்டும் இருக்கிறதாகப் பாருங்கள். கரையில் கொஞ்சம் கனம் இருந்தால் விறைத்த உடலைக் கீழே இழுத்துப் பிடிக்கும். உடல் முழுக்கக் கல்லும் சமிக்கியும் வைத்தது வேண்டாம். மெல்லிய துணி அதைத் தாங்காமல் அங்கங்கே தொங்கிப் போகும், நாலு தடவை கட்டினால் நூல் விலகும்.

கட்டும்போது சாதாரணப் பட்டுக்கு வைக்கிற மாதிரி ஏழு மடிப்பு வைக்கச் சொல்லாதீர்கள். ஏழு மடிப்பு என்றால் இடுப்பில் பதினாலு அடுக்கு. ஒவ்வொரு அடுக்குக்கு நடுவிலும் காற்று நிற்கும், முன்னால் உப்பிக்கொள்ளும். ஐந்து மடிப்பு, ஒவ்வொன்றும் ஆறு அங்குல அகலம், மீதித் துணி முந்தானை நீளத்துக்குப் போகட்டும். முதல் நாளே கொசுவத்தையும் முந்தானை மடிப்பையும் பிடித்து, மேலே ஒரு காட்டன் துணி விரித்து, மிதமான சூட்டில் இஸ்திரி போட்டு, கிளிப் மாட்டி வைத்துவிட வேண்டும். தண்ணீர் தெளிக்கக் கூடாது. கோராவில் பசை இருப்பதால் சொட்டு விழுந்த இடம் தடம் விட்டுப்போகும். பாலியெஸ்டர் ஆர்கன்சா எடுத்தால் சூட்டை இன்னும் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் துணி சுருண்டுகொள்ளும். இரண்டிலும் ஊசி குத்தின ஓட்டை மறையாது, அதனால் மெல்லிய ஊசி, குத்தின இடத்திலேயே மறுபடி குத்துவது. இவ்வளவு செய்தாலும் ஒன்றைத் தவிர்க்க முடியாது. சோபாவில் உட்கார்ந்து எழுந்தால் மடியில் கோடு விழும். குடும்பப் படம் எல்லாம் உட்காருவதற்கு முன்னால் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

உங்களுக்கு ஆர்கன்சா வேண்டாம். நீங்கள் சொன்ன உடல்வாகில் அது இடுப்பைச் சுற்றி இன்னொரு சுற்று சேர்த்துக் காட்டும். ஐந்தடி உயரத்துக்குப் புடவை அகலத்தில் ஆறேழு அங்குலம் உள்ளே செருக வேண்டி வரும், அந்த விறைத்த துணி முழுக்க இடுப்பில் சேரும். பளபளக்கிற சாட்டினும் வேண்டாம், காரணம் மேலே சொன்னதுதான். சாட்டின் மேல்தான் ஆசை என்றால், மங்கலான மெருகு உள்ளதாக, அடர்ந்த நிறத்தில், சின்னக் கரை தைத்ததாக எடுங்கள். உள்ளே கண்டிப்பாகக் காட்டன் பாவாடை கட்டுங்கள். சாட்டின் பாவாடை மேல் சாட்டின் புடவை கட்டினால் இரண்டும் வழுக்கி, பந்தி முடிவதற்குள் செருகல் இறங்கிவிடும்.

காட்டன் போதுமா என்று கேட்டீர்கள். மாலைக்கு வெறும் காட்டன் மேடை வெளிச்சத்தில் கொஞ்சம் மங்கிப் போகும், கஞ்சி போட்டால் உப்பவும் செய்யும். உங்களுக்கு நான் எடுத்துக்கொடுப்பதாக இருந்தால் பட்டும் பருத்தியும் கலந்து நெய்த சில்க் காட்டன். மூவாயிரத்துக்குள் நல்லதாகக் கிடைக்கும். பட்டு கொடுக்கிற மினுமினுப்பு பாதி இருக்கும், பருத்தி இருப்பதால் வியர்வையைத் தாங்கும், கஞ்சி இல்லாமலே கொசுவம் படியும், ஹோமத்துக்குப் பக்கத்திலும் நிற்கலாம். மாயவரத்துக்காரர்களுக்கு இது புதுசும் இல்லை. கூறைநாட்டுக் கூறைப்புடவையே பட்டும் பருத்தியும் கலந்து கட்டம் போட்டு நெய்ததுதான். இப்போது அங்கே தறிகள் மிகவும் குறைந்துவிட்டன. நல்ல கூறை ஒன்று கண்ணில் பட்டால், பட்ஜெட்டுக்குக் கொஞ்சம் மேலே போனாலும் எடுக்கச் சொல்வேன்.

எடுத்த சில்க் காட்டனை முதல் தடவை கட்டுவதற்கு முன், ஒரு ஓரத்தை ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். அடர்ந்த சிவப்பும் கருநீலமும் சில சமயம் சாயம் விடும், வியர்க்கிற நாளில் அது ரவிக்கையில் ஏறிவிடும். வெள்ளைத் துணியில் நிறம் வந்தால் பில் இருக்கும்போதே கொண்டுபோய் மாற்றிக்கொள்ளுங்கள், அதனால் ஃபால்ஸ் தைக்கக் கொடுப்பதற்கு முன்னாலேயே இதைச் செய்துவிடுங்கள்.